பேங்க் ஸ்விட்சிங் கேள்வி வந்தால் எதை எழுத வேண்டும்

கோலாலம்பூரில் டிப்ளோமா படித்தபோது கணினிக் கட்டமைப்புத் தேர்வில் ஒரு 12 மதிப்பெண் கேள்வி வந்தது: 16 முகவரிக் கோடுகள் மட்டுமே உள்ள கேம் கன்சோலில் 128 கிலோபைட் கேட்ரிட்ஜ் எப்படி ஓடுகிறது? "தேவைப்படும்போது பேங்கை, அதாவது கேட்ரிட்ஜ் ரோமின் ஒரு துண்டை, மாற்றுவார்கள்" என்று எழுதினேன். கிடைத்தது 3. இப்போது பிரிக்ஃபீல்ட்ஸில் என்னோடு தங்கியிருக்கும் தம்பிக்கும் அதே பாடம். போன வாரம் மாமாக் கடையில் தே தாரிக் குடித்தபடி அவனுக்கு வரைந்து காட்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நின்டெண்டோவின் ஃபேமிகாமை (1983) எடுத்துக்கொள்ளுங்கள். 16 கோடு என்றால் 64 கிலோபைட் முகவரி. அதில் கேம் நிரலுக்கென்று இருப்பது பதினாறடிமான எண்ணில் $8000 முதல் $FFFF வரை, அதாவது 32 கிலோபைட். யுஎன்ரோம் என்ற கேட்ரிட்ஜ் பலகை இதை இரண்டு 16 கிலோபைட் சன்னல்களாகப் பிரிக்கிறது. $8000இல் தொடங்கும் சன்னல் மாறும். $C000இல் தொடங்குவது எப்போதும் கடைசி பேங்க்கையே காட்டும்.

128 கிலோபைட் ரோம் 0 முதல் 7 வரை எட்டு 16 கிலோபைட் பேங்குகளாகப் பிரியும், அதற்கு 17 கோடுகள் வேண்டும். கீழ் 14 கோடுகள் நேரே ப்ராசசரிலிருந்து வருகின்றன. மேலே உள்ள 3 கோடுகளுக்கான எண்ணை 74161 சிப் பிடித்து வைத்திருக்கும். அந்த எண்ணை மாற்ற, ரோம் இருக்கும் முகவரியிலேயே எழுதினால் போதும். ரோம் மாறாது, சிப் எண்ணைப் பிடித்துக்கொள்ளும். $C000க்கு மேல் போனால், இடையில் உள்ள ஆர் கேட்டுகள் மூன்று கோடுகளையும் 1 ஆக்கிவிடும். அப்போது தெரிவது 7ஆம் பேங்க்.

ரோமில் $12345இல் உள்ள பைட் வேண்டுமா? $4000ஆல் வகுத்தால் ஈவு 4, மீதி $2345. 4ஆம் பேங்கைப் போட்டு $A345இல் படிக்க வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டாமல் விடாதீர்கள்.

"அண்ணே, கடைசி பேங்க் ஏன் மாறக்கூடாது?" என்று தம்பி கேட்டான். நான் கோட்டைவிட்ட இடம் அதுதான். பவர் போட்டதும் சிப்பில் என்ன எண் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் ப்ராசசர் எங்கே தொடங்க வேண்டும் என்பதை $FFFCஇல் பார்க்கும். அது நிலையான பேங்கில் இருந்தாக வேண்டும். பேங்க் மாற்றும் நிரலும் அங்கேதான் இருக்க வேண்டும். மாறும் சன்னலுக்குள் இருந்துகொண்டே மாற்றினால், அடுத்த கட்டளையைப் புதிய பேங்கிலிருந்து படித்துக் கேம் உறைந்துபோகலாம்.

இன்னொன்று, அந்தப் பலகையில் எழுதும் நேரத்திலும் ரோம் வாய் மூடாது. ப்ராசசர் 4 என்று சொல்ல, ரோம் வேறு எண்ணைச் சொன்னால் இரண்டும் டேட்டா பஸ்ஸில் மோதும். சிப்பில் தப்பான எண் பதியலாம். அதனால் நிலையான பேங்கில் 0 முதல் 7 வரை ஓர் அட்டவணை வைத்து, அதே எண் இருக்கும் இடத்திலேயே எழுதுவார்கள்:

```
banks: .byte 0,1,2,3,4,5,6,7

  ldy #4
  lda banks,y
  sta banks,y
```