தபால் பெட்டிக்குப் போகாத கடிதமும் தனுஷ்கோடி பஸ்ஸும்

முதலில் அந்த ஆட்டோக்காரர். ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடி போய்வர 1,200 ரூபாய் கேட்டார். "பஸ் எல்லாம் வராதும்மா" என்று ஒரு பொய் வேறு. பஸ் தாராளமாக வருகிறது. 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை போட்டதிலிருந்து மணலில் ஜீப்புக்கு அழுகிற வேலையும் இல்லை.

கூட வந்த தோழியின் பையில் ஓர் இன்லேண்ட் லெட்டர். அப்பத்தாவின் தகரப் பெட்டியில், கூறைப்புடவை மடிப்புக்குள் கிடைத்தது. விலாசம் தனுஷ்கோடி ரயில்வே குடியிருப்பு. பெறுபவர் தாத்தா இல்லை.

தேதி 'குரோதி மார்கழி 6' என்று மட்டும் இருந்தது. தமிழ் வருடம் அறுபதாண்டுக்கு ஒருமுறை திரும்பும். குரோதி என்றால் 1904, 1964, 2024 மூன்றில் ஒன்று. 1904-இல் நம் ஊரில் இன்லேண்ட் லெட்டரே கிடையாது. பின்கோடு வந்தது 1972-இல். இதில் அதற்கான கட்டங்கள் இல்லை. ஆக 1964, டிசம்பர் 20 அல்லது 21. அச்சிட்ட தபால்தலை மேல் முத்திரை விழவில்லை, ஓரத்துப் பசையில் எச்சில் படவில்லை. திரும்பி வந்த கடிதம் என்றால் முத்திரை இருந்திருக்கும். இது வீட்டை விட்டே கிளம்பவில்லை.

டிசம்பர் 22 இரவு புயல் அடித்தது. பாம்பனிலிருந்து போன 653-ஆம் எண் பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடியை நெருங்கும்போது கடல் கொண்டது. ஊரே போனது. அதன்பின் அந்த விலாசத்துக்குத் தபால் கொண்டுபோக யாரும் இல்லை.

கடிதத்தில் காதல் என்ற சொல்லே கிடையாது. "போட் மெயிலில் போகும்போது சன்னலோரம் உட்காருங்கள். கேட்டுக்குப் பக்கத்தில் நிற்பேன்." அவ்வளவுதான். போட் மெயில் அன்று சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ஓடிய ரயில். அந்த ஆள் பிழைத்தாரா என்று அப்பத்தா யாரிடமும் கேட்டதாக வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லை.

ஒரு தப்பு நடந்தது. தோழி அசலையே கொண்டுவந்துவிட்டாள். இடிந்த தபால் அலுவலகச் சுவரருகே பிரித்ததும் ஈரக்காற்றில் நீல மை இரண்டு வரியில் பரவிவிட்டது. பழைய பேனா நீலம் பெரும்பாலும் நீரில் கரையும். இப்படிப்பட்ட இடத்துக்கு ஜெராக்ஸ் போதும். நனைந்துவிட்டால் துடைக்கக் கூடாது, வெயிலில் காட்டவும் கூடாது. உறிஞ்சுதாள் இரண்டுக்கு நடுவே வைத்து மேலே ஒரு கனமான புத்தகம். மடிப்பு கிழிந்திருந்தால் செல்லோடேப் வேண்டவே வேண்டாம், அதன் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கும். எங்களிடம் உறிஞ்சுதாள் இல்லை. கீற்றுக் கொட்டகைக் கடை அக்கா டிஷ்யூ கொடுத்தார்.

அதே அக்கா பொரித்த ஊளி மீனுக்காகவே இன்னொரு முறை போகலாம். மசாலா உள்வரை இறங்கியிருந்தது, முள் குறைவு. விலையை மட்டும் மீனைத் தொடுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மாலையில் சீக்கிரமே எல்லோரையும் கிளப்பிவிடுகிறார்கள். கடைசி பஸ் எப்போது என்று இறங்கும்போதே கண்டக்டரிடம் கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை. திரும்பி வந்ததும் அதே ஆட்டோவில்தான், 700 ரூபாய்.