மூன்று மெசேஜ்

கனவில் நான் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பேன். பின்சீட்டில் ஆள் இல்லை. எதிரே வண்டி இல்லை. நடுவில் அரளிச் செடி, ஓரத்தில் மஞ்சள் தலை போட்ட கிலோமீட்டர் கல். கல்லில் ஊர் பெயரும் இருக்காது, எண்ணும் இருக்காது. பிரேக்கை மிதிப்பேன், வண்டி நிற்காது. ஆனால் பயமும் வராது. அதுதான் விழித்த பிறகு என்னை உறுத்தும்.

வாரத்துக்கு இரண்டு தடவையாவது இது வரும். "என்னங்க, தூக்கத்துல கால உதைக்கிறீங்க" என்று மனைவி சொல்வாள். பத்து வருடமாகச் சென்னையில் டாக்சி ஓட்டுகிறேன். ரோடு கனவில் வராமல் வேறு என்ன வரும் என்று விட்டுவிட்டேன்.

போன வருடம் ஆடி மாதம், மீனம்பாக்கத்திலிருந்து திருச்சிக்கு ஒரு குடும்பத்தை ஏற்றிப் போனேன். காலையிலேயே உள்ளூரில் நான்கு சவாரி ஓட்டியிருந்தேன். திருச்சியில் இறக்கிவிட்டு, சாப்பிட்டு, இரவு பதினொன்றரைக்குக் கிளம்பினேன். ரிட்டர்ன் காலி. கஸ்டமர் இருந்தால் பேச்சு இருக்கும், குழந்தை அழும், யாராவது ஏசியைக் குறைக்கச் சொல்வார்கள். காலி வண்டியில் டயர் சத்தம் மட்டும்தான்.

பரனூர் டோலைத் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தி போனை எடுத்தேன். கடைசியாக வந்த பாஸ்டேக் மெசேஜ் மூன்று. விக்கிரவாண்டி 2.36. ஆத்தூர் 3.21. பரனூர் 3.58. விக்கிரவாண்டி நினைவிருந்தது, முன்னால் ஒரு லாரியின் பாஸ்டேக் படிக்காமல் நின்றது. பரனூர் இப்போதுதான் வந்தது. ஆத்தூர்? வேகம் குறைத்திருக்க வேண்டும், லேன் பிடித்திருக்க வேண்டும், கட்டை தூக்கியிருக்க வேண்டும். எதுவுமே மனதில் இல்லை. திண்டிவனம் பைபாஸும் இல்லை. கண்ணை மூடி யோசித்தால் வந்தது அரளிச் செடியும் எண் இல்லாத கல்லும்தான்.

டீ கிளாஸ் கையில் ஆடியது. நான் கட்டிலில் கண்டுகொண்டிருந்த ரோடு இதுதான் என்று அப்போதுதான் புரிந்தது.

ஏர்போர்ட் பார்க்கிங்கில் ஒரு அண்ணனிடம் சொன்னேன். முப்பது வருடம் லாரியும் டாக்சியும் ஓட்டியவர். சிரிக்கவில்லை. "தம்பி, அதுல ரெண்டு இருக்கு. ஒண்ணு, கையும் காலும் பழக்கத்துல ஓட்டும், மனசு பதியாது. அது முதல் எச்சரிக்கை மணி. அடுத்தது நிஜத் தூக்கம். மூணு செகண்ட், நாலு செகண்ட். கண்ணு திறந்துகூட இருக்கும்" என்றார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். தொண்ணூறில் போனால் ஒரு செகண்டுக்கு 25 மீட்டர். நான்கு செகண்டுக்கு 100 மீட்டர். அந்த நூறு மீட்டருக்குள் லைட் இல்லாமல் ஒரு டிராக்டர் நின்றிருந்தால்?

முன்பெல்லாம் டோலில் கண்ணாடியை இறக்கி, காசு கொடுத்து, சில்லறை வாங்கி, ரசீதைச் செருகுவோம். அதிலேயே பாதித் தூக்கம் போய்விடும். 2021 பிப்ரவரியில் பாஸ்டேக் கட்டாயமான பிறகு அந்த இடைஞ்சலும் இல்லை. நேரம் மிச்சம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் காலி வண்டியில் தனியாக வருபவனை எழுப்ப ஒருவரும் இல்லாமல் போனார்கள்.

கண்ணாடியை இறக்குவது, பாட்டை உரக்க வைப்பது, முகம் கழுவுவது எல்லாம் நானும் செய்தவைதான். பத்து நிமிடம் தாங்கும். அண்ணன் சொன்னது வேறு: "டீ குடிச்சிட்டு ஓட்டாதே. டீ குடிச்சிட்டுப் படு." டீ வேலை செய்ய இருபது, முப்பது நிமிடம் ஆகும். குடித்த கையோடு சீட்டைச் சாய்த்து இருபது நிமிடம் தூங்கினால், எழும்போது இரண்டும் சேர்ந்து தெளிவு கொடுக்கும். ஒரு மணி நேரம் தூங்கி அரைகுறையாக எழுந்தால் மந்தமாக இருக்கும், உடனே ஸ்டியரிங்கைப் பிடிக்கக்கூடாது. ஆனால் இதுவும் வீடு சேரும்வரை சமாளிக்கத்தான். காலையிலிருந்து ஓட்டியவனுக்கு இருபது நிமிடம் இரவுத் தூக்கம் ஆகிவிடாது. அதனால் பகலில் உள்ளூர் ஓட்டிய நாளில் இரவு அவுட்ஸ்டேஷன் எடுப்பதில்லை. பேட்டா போகிறது, போகட்டும்.

இப்போது ரிட்டர்ன் வரும்போது கடைசியாகப் பார்த்த ஊர் பெயரை வாய்விட்டுச் சொல்வேன். சொல்ல வரவில்லையென்றால், வேகம் தானாக எழுபதுக்கு இறங்கியிருந்தால், கோட்டின் மேல் டயர் ஏறி கடகடவென்றால், அடுத்த பெட்ரோல் பங்குதான். மூன்றிலிருந்து ஐந்து மணிக்குள் இது கட்டாயம் வரும்.

போன வாரம் அச்சிறுபாக்கம் பக்கம் ஒரு பங்கில் அலாரம் வைத்துப் படுத்தேன். அங்கேயும் அந்த ரோடு வந்தது. பிரேக்கை மிதித்தேன், வண்டி நிற்கவில்லை, அலாரம் அடித்தது. எழுந்து பார்த்தால் ஹேண்ட்பிரேக் போட்டபடி இருந்தது, பங்கு பையன் கண்ணாடியைத் தட்டி, "அண்ணே, டீசல் போடணுமா?" என்றான்.