ஒரு பேர், அரைப் பேர்

ஜனவரி 28, செவ்வாய்

தலைவர் பின்னேரம் வீட்டுக்கு வந்தார். "தம்பி, ஒன்பதாந் திகதி மண்டபத் திறப்புரை நீங்கதான். நன்றியும் அதுக்குள்ளேயே வந்துறணும், தனியா இன்னொரு ஆள் ஏறுனா நேரம் போயிரும்." பிளேன்டியைக் குடித்துவிட்டு, ஒரு பட்டியலையும் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். பள்ளிக்கூடத்தில் பேசுகிறவன் எங்கேயும் பேசிவிடுவான் என்று ஒரு நினைப்பு.

பட்டியலில் 23 பெயர்கள், ரசீதுப் புத்தகத்தைப் பார்த்து எழுதியவை. கொழும்பில் கடை போட்டிருக்கும் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள், டவுன் ஹார்ட்வெயார் முதலாளி, கனடாவில் இருக்கும் ஒருவர். கடைசி வரி: "மற்றும் உழைத்த அனைவருக்கும்." சாப்பிட்டுப் படுத்த பிறகும் அந்த 'மற்றும்' உறுத்திக்கொண்டே இருந்தது.

பெப்ரவரி 2, ஞாயிறு

வெளியிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் பெயரே 'பேர்'தான். கொழுந்து நிறை சரியாக வந்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர், "இந்த மாசம் எத்தனை பேர்?" என்றுதான் கேட்போம். மண்டப வேலைக்குச் சனம் வந்தது ஞாயிற்றுக்கிழமைகளில். கொங்கிரீட் போட்ட இரண்டு நாள் மட்டும் வேலை நாள், அன்று வந்தவர்கள் பேரை விட்டுவிட்டு வந்தார்கள்.

இதற்கெல்லாம் ரசீது கிடையாது. ஆனால் கோயில் காவல்கார மாமா ஒரு சீஆர் கொப்பி வைத்திருக்கிறார் என்று அப்பாயி சொன்னதும் போய் வாங்கி வந்தேன். தேதி, ஆள், எந்த லயம், முழு நாளா அரை நாளா என்று பென்சிலில், ஒரு வாரம் விடாமல் எழுதி வைத்திருக்கிறார் மனிதர். மழை நனைந்து இரண்டு பக்கம் ஒட்டியிருந்தது, ஆவி காட்டித்தான் பிரித்தேன். கூட்டிப் பார்த்தால் 57 ஆட்கள், 212 பேர். இந்த 2025 பெப்ரவரியில் அடிப்படைச் சம்பளம் நாளுக்கு 1350 ரூபாய். 212 நாளுக்கு 286,200 ரூபாய் வருகிறது. பட்டியலில் முதலாவதாக நிற்கும் நன்கொடை இரண்டரை லட்சம்!

இதை மேடையில் சொன்னால் கைதட்டு விழும், ஆனால் பணம் தந்தவருக்கு முகம் சுருங்கும். அவரும் இதே லயத்தில் பிறந்தவர்தானே. அதனால் யாருடைய தொகையையும் வாசிப்பதில்லை என்று முடிவு. தொகையை வாசித்தால் ஐந்நூறு கொடுத்தவர் அடுத்த தடவை கொடுக்கவே கூச்சப்படுவார். பணம் எதுவாக மாறியதோ அதைச் சொல்லலாம்: கூரைத் தகரம், நிலைக்கதவு, தரை ஓடு. 57 பெயர்களையும் லயம் லயமாக முழுசாக வாசிப்பேன். கடிகாரம் வைத்து வாசித்துப் பார்த்தேன், இரண்டரை நிமிஷம். அதற்கு இடம் விட, "பொன்னான இந்நாளில்" என்று தொடங்கும் முன்னுரையை அப்படியே வெட்டிவிட்டேன். யாரும் அதற்காக அழப்போவதில்லை.

பெப்ரவரி 5, புதன்

இன்று பாஸைப் பார்க்கப் போனேன். மேசன் பாஸுக்கு நன்றி சொல்லாமல் கட்டடத் திறப்பா? பிரச்சினை என்னவென்றால் அந்த மதில்.

மண்டபம் நிற்பது வெட்டிய சரிவில். பின்பக்கம் மண்ணைத் தாங்க ஆறடி உயரத்தில் ஒரு அணைமதில் கட்டினார்கள், ஐப்பசி மழையில் அது நடுவில் வயிறு தள்ளிவிட்டது. பாஸ் சொன்னார்: மண் தள்ளியதைவிட மண்ணுக்குள் நின்ற தண்ணீர்தான் தள்ளியிருக்கிறது. அவசரத்தில் வடிதுளை விடவில்லை. மதிலின் அடியில் காயாத ஈரம் ஒரு பட்டையாகத் தெரிந்ததாம், அதைப் பார்த்ததும் அவருக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. 2014 இல் மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதற்குப் பிறகு எங்கள் பக்கம் ஈரச் சரிவென்றால் யாரும் விளையாடுவதில்லை. கழற்றிவிட்டுத் திரும்பக் கட்டினார், கூலி வாங்காமல். இந்தத் தடவை மதிலுக்குப் பின்னால் ஒரு அடி அகலத்துக்குக் கருங்கல் சல்லி, நாலடிக்கு ஒரு பீவிசி குழாய், வெளிப்பக்கம் கொஞ்சம் சாய்வாக. மழை பெய்தால் குழாயிலிருந்து தண்ணீர் சொட்ட வேண்டும். மழைக்குப் பிறகும் வறண்டிருக்கிற குழாய் அடைபட்ட குழாய்.

"இதச் சொல்லலாமா பாஸ்?" என்று கேட்டேன். கரண்டியைக் கழுவிக்கொண்டே, "சொல்லுங்க சேர். ஆனா கொழாய அடைக்க வேணாம்னும் சேர்த்துச் சொல்லுங்க. பொடியனுங்க கல்ல வச்சு அடைக்கிறானுங்க" என்றார்.

அந்த மதிலால் அடிபட்டது கீழ் லயத்துக் குடும்பங்கள் மூன்று. லீக்ஸ் பாத்தியில் ஆறடி போனது, வாசலில் ஒரு மாதம் சேறு. அவர்களுக்கு நன்றி மட்டும் சொன்னால் அது பாதிப் பேச்சு. முதலில் மன்னிப்பு, அப்புறம் நன்றி.

பெப்ரவரி 8, சனி

தண்ணீர் தந்தது ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சிங்களக் குடும்பம், தங்கள் பீலியிலிருந்து குழாய் இழுக்க விட்டார்கள். சீமெந்தைக் கடனுக்குத் தந்தது டவுனில் இருக்கும் நானா, நாலு மாதம் வாய் திறந்து கேட்கவில்லை. இரண்டு வீட்டாரும் நாளை வருகிறார்கள். சிங்களத்தில் மூன்று வசனம் எழுதி அந்த மாத்தயாவிடமே வாசித்துக் காட்டினேன், இரண்டைத் திருத்தினார். "ஹெமோட்டம பொஹோம ஸ்துதியி" மட்டும் முதல் தடவையே சரியாம்.

தோட்டத்துத் துரைக்குப் பேச்சில் ஒரு வரி. நிலம் எங்களுடையதில்லை. 1992 இல் தோட்டங்கள் கம்பெனி நிர்வாகத்துக்குப் போன பிறகு, ஒரு கல் வைக்கவும் ஒபீஸ் கடிதம் வேண்டும். கடிதம் தந்தார், சரி, அதற்கு நன்றி. இருநூறு வருஷமாக இருக்கிறவர்கள் கடிதம் கேட்டு நிற்பதைப் பற்றிப் பேச இது மேடை இல்லை.

பெப்ரவரி 9, ஞாயிறு

பிரதம விருந்தினர் முக்கால் மணி நேரம் பிந்தினார். தலைவர் காதோடு வந்து "சுருக்குங்க தம்பி" என்றார். விருந்தினர் வரவேற்பைச் சுருக்கினேன், பெயர்களில் கைவைக்கவில்லை.

சொன்னதிலிருந்து ஒரு துண்டு, மறக்கும் முன்னால்: "கீழ் லயத்து வீட்டுக்காரர்களே, உங்கள் வாசலில் சேறு கொண்டுவந்து கொட்டினோம், பாத்தியில் ஆறடி எடுத்தோம். மன்னித்துக்கொள்ளுங்கள். அந்த ஆறடி இல்லாவிட்டால் இந்த மதில் இல்லை, மதில் இல்லாவிட்டால் நாம் இப்போது இங்கே உட்கார்ந்திருக்க முடியாது. பிள்ளைகளா, அந்தக் குழாய்களில் கல்லை வைத்து அடைக்காதீர்கள், இது பாஸின் உத்தரவு."

சிரித்தார்கள். பெயர் வாசிக்கத் தொடங்கியதும் பின்வரிசைச் சத்தம் அடங்கிவிட்டது. ஒவ்வொரு லயமும் தன் முறைக்குக் காத்திருந்தது போல. மணல் சுமந்த அக்கா ஒருவர், தன் பெயர் வந்ததும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பக்கத்துப் பெண்ணின் தோளில் இடித்தார். நன்கொடை தந்தவர் கடைசியில் வந்து, "எங்கம்மா பேரையும் வாசிச்சீங்களே" என்றார். ஏழாம் நம்பர் லயம், மூன்று அரைப் பேர். அது அவருடைய அம்மா என்று எனக்கு அதுவரை தெரியாது.

பெப்ரவரி 10, திங்கள்

கொப்பியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். பேச்சு நன்றாக இருந்தது என்றார் மாமா. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. "மாமா, இதுல ஒங்க பேரு எங்க?"

"நான் எழுதுற ஆளு தம்பி. என் பேர நானே எழுதிக்கிறதா?"

கொப்பியில் தேதி போட்ட நாள் 31. எல்லா நாளும் அவர் அங்கே நின்றிருக்கிறார், சல்லி அள்ளியதை நானே பார்த்திருக்கிறேன். பென்சிலை வாங்கிக் கடைசிப் பக்கத்தில் அவர் பெயரையும் 31 ஐயும் எழுதினேன். மொத்தம் 243. அவர் கொப்பியை வாங்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டு நாளு காய்ச்சல்ல மத்தியானமே போயிட்டேன்" என்று சொல்லி, அழித்து 30 என்று மாற்றினார்.