மாரியம்மன் கோயில் கூரையில் ஒரு தொப்பிக்காரத் துரை

வணக்கம் நேயர்களே. எங்க ஊர் மலேசியாவில் ஈப்போ பக்கத்தில் இருக்கிற பத்து காஜா. வெளியூர்க்காரர்கள் வந்தால் கெல்லி கோட்டையைப் பார்த்து, நாலு படம் எடுத்துக்கொண்டு ஈப்போவுக்குத் திரும்பிவிடுகிறார்கள். கோட்டையைத் தாண்டி ஒன்றரைக் கிலோமீட்டர் போனால் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

போன வெள்ளிக்கிழமை பேரனைக் கூட்டிக்கொண்டு போனேன். செருப்பைக் கழற்றும்போதே அண்ணாந்து பார்த்தவன், "தாத்தா, அந்தத் தொப்பிச் சாமி யாரு?" என்றான். கூரை மேலே சாமி சிலைகளுக்குப் பக்கத்தில் வெள்ளைக் கோட்டும் சூட்டும் போட்டு, தலையில் தொப்பியோடு ஓர் உருவம். "சாமி இல்லடா, துரை" என்றேன்.

அவர்தான் வில்லியம் கெல்லி ஸ்மித். 1870-இல் ஸ்காட்லாந்தில் பிறந்து, இருபது வயதில் மலாயா வந்தவர். இங்கே காட்டை அழித்துப் பால்மரம் போட்டார். தம் சொந்த ஊரான கெல்லஸின் பெயரையே தோட்டத்துக்கும் வைத்தார்: கிந்தா கெல்லஸ். 1915-இல் கோட்டை வேலையைத் தொடங்கியபோது, கட்டுவதற்கு மெட்ராஸிலிருந்து ஆட்களை வரவழைத்தார்.

வேலை நடந்துகொண்டிருக்கும்போதே ஸ்பானிஷ் காய்ச்சல் வந்துவிட்டது. ஆட்கள் பொத்துப் பொத்தென்று விழுந்தார்கள். அம்மை கண்டாலே "ஆத்தா வந்திருக்கா" என்று வேப்பிலை கட்டுகிற சனம் அது. ஊசி மருந்து இல்லாத அந்தக் காய்ச்சலுக்கு வேறு யாரிடம் போவார்கள்? "அம்மனுக்கு ஒரு கோயில் வேணும் துரை" என்று கேட்டார்கள். துரையும் கட்டிக்கொடுத்தார். அந்த நன்றிக்குத்தான் அவர் கூரை ஏறினார்.

வேற்று மதத்துக்காரருக்குக் கோயிலில் சிலையா என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. எனக்கு அதில் குறை தெரியவில்லை. திருப்பணி செய்தவரைக் கோயிலுக்குள் சிலையாக வைப்பது நம்ம பழக்கம்தானே. மதுரைப் புதுமண்டபத்துத் தூண்களில் நாயக்க மன்னர்கள் நிற்பதும் அப்படித்தான்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். கும்பாபிஷேகத்துக்குக் கும்பாபிஷேகம் சுதைச் சிற்பங்களுக்குப் புதுச் சாயம் ஏறும். உடைந்த விரலும் மூக்கும் அப்போதுதான் பூசிச் சரியாகும். அதனால் பளிச்சென்ற நிறத்தை வைத்துச் சிலையின் வயதைச் சொல்லிவிட முடியாது. துரையின் முகம் இப்படித்தான் இருந்தது என்றும் நம்பிவிடாதீர்கள். கோட்டையிலிருந்து கோயிலுக்குச் சுரங்கப்பாதை இருப்பதாகவும் ஊரில் கதை உண்டு. நான் சின்ன வயதில் தேடிப்பார்த்து முட்டியைத்தான் சிராய்த்துக்கொண்டேன்.

1926-இல் லிஸ்பன் போன துரை நிமோனியா கண்டு அங்கேயே இறந்துபோனார். கோட்டை அரைகுறையாய் நின்றுவிட்டது. கோயிலில் விளக்கு எரிகிறது.

அன்று தீபாராதனை முடிந்து வெளியே வந்ததும் பேரன் தன் நெற்றித் திருநீற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மறுபடியும் மேலே பார்த்தான். "துரைக்குத் திருநீறு குடுக்கலையா தாத்தா?"