அக்காவின் 3.7

சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையில் ரத்தக் கொழுப்புச் சிகிச்சைப் பிரிவில் தாதியாக இருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஈசூனிலிருந்து ஒரு தாய் தம் இரு பிள்ளைகளையும் அழைத்துவந்தார். கணவருக்கு 41 வயதில் மாரடைப்பு. அவருடைய கெட்ட கொழுப்பு, அதாவது எல்டிஎல், லிட்டருக்கு 6.8 மில்லிமோல். பரம்பரைக் கொழுப்பு நோய் என்று மரபணுப் பரிசோதனை உறுதிசெய்திருந்தது. அந்த நோய் தாய் தந்தையரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. ஐந்து வயது முதலே பிள்ளைகளைச் சோதித்துவிடலாம்.

"பையன் குச்சி மாதிரி இருக்கிறான், இவனுக்கு எதற்குச் சிஸ்டர் ரத்தம் எடுக்கிறீர்கள்?" என்றார் உடன் வந்த பாட்டி. சதைக்கும் இதற்கும் தொடர்பில்லை. ரத்தத்திலிருந்து கொழுப்பை எடுத்துக்கொள்ள வேண்டிய கல்லீரலால் அந்த வேலையைச் சரியாகச் செய்ய முடிவதில்லை, அவ்வளவுதான்.

11 வயதுப் பையனுக்கு 5.4 வந்தது. 14 வயது அக்காவுக்கு 3.7. அவளாவது தப்பித்தாள் என்று தாயிடம் சொல்ல வாயெடுத்தேன். மருத்துவர் தடுத்தார். பருவமடையும் வயதில் கொழுப்பு தானாகவே பத்து, இருபது விழுக்காடு இறங்கும், பிறகு ஏறிவிடும். தந்தைக்கு நோய் உறுதியாகியிருக்கும்போது 3.5ஐத் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டும். மரபணுவைப் பார்த்தோம். அவளுக்கும் இருந்தது. பொதுவான பரிசோதனைக்கு 9 முதல் 11 வயதை அமெரிக்க வழிகாட்டிகள் பரிந்துரைப்பதற்கு இந்த இறக்கமும் ஒரு காரணம். எல்லாப் பிள்ளைகளையும் சோதிக்கத்தான் வேண்டுமா என்பதில் அங்கேயே கருத்து வேறுபாடு உண்டு. இப்படிப்பட்ட குடும்பத்தில் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

தைராய்டும் சிறுநீரகமும் இருவருக்கும் சரியாக இருந்தன. அவை கெட்டாலும் கொழுப்பு ஏறும் என்பதால் முதலில் அவற்றைப் பார்ப்போம். தேங்காய்ப்பாலும் நெய்யும் பரோட்டாவும் குறைந்தன. பாட்டி மூன்று மாதம் மிகக் கண்டிப்பாக இருந்தார். பையனுடைய அளவு 5.0க்கு வந்தது. உணவால் அவ்வளவுதான் முடியும், பாட்டியின் சமையல்மீது பழி இல்லை.

பிறகு அவனுக்குக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை, குறைந்த அளவில், இரவில் ஒன்று. தொடங்குமுன் கல்லீரல், தசை நொதிகளைப் பார்த்துக்கொண்டோம். இரண்டு மாதத்தில் 3.3. பத்து வயதுக்கு மேல் 3.5க்குக் கீழே வைப்பதுதான் இலக்கு. காலில் வலி என்று ஒருமுறை வந்தான். முதல் நாள் காற்பந்துப் போட்டி. நொதி சற்றே ஏறியிருந்தது, ஒரு வாரம் ஓய்வுக்குப் பின் இறங்கிவிட்டது.

அக்காவுக்கு உணவோடு நிறுத்திக் கண்காணித்தோம். பதினாறில் 4.4 ஆனது. மாத்திரையைத் தொடங்கும்போது, பிற்காலத்தில் குழந்தை வேண்டும் என்று நினைத்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி நிறுத்த வேண்டும் என்றேன். தாயின் முகம் சுருங்கியது. மகள் அதைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டாள்.

ஜூரோங்கில் இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு சித்தப்பா, தந்தையின் தம்பி, இருக்கிறார், அவருக்கும் இரண்டு பிள்ளைகள். இந்த நோய்க்காக 2025இல் தொடங்கிய தேசிய மரபணுப் பரிசோதனைத் திட்டத்தைச் சொல்லி மூன்று முறை அழைத்துவிட்டேன். "உடம்பு நல்லாத்தான் இருக்கிறது" என்கிறார்.