அர்பஆ வ இஷ்ரீன் என்றால் 42 அல்ல

துபாய் தேராவில் ஒரு துணிக்கடையில் சேர்ந்து மூன்றாவது வாரம். வயதான ஓர் அரபி அம்மா திரைச்சீலைத் துணி பார்த்து முடித்துவிட்டு, "அர்பஆ வ இஷ்ரீன் வார்" என்றார். அங்கே வார் என்றால் கெஜம். அர்பஆ நாலு, இஷ்ரீன் இருபது என்று எனக்குத் தெரியும். காதில் விழுந்த வரிசையிலேயே சீட்டில் எழுதினேன், முதலில் 4, அப்புறம் 2. வெட்டுபவரும் 42 கெஜம் வெட்டிவிட்டார். அந்த அம்மா கேட்டது 24. மிச்சம் 18 கெஜம் துண்டுத் துணிக் கூடைக்குப் போனது. முதலாளி என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத முடியாது.

நான் காயல்பட்டினத்துக்காரன். சின்ன வயதிலிருந்தே மத்ரஸாவில் ஓதியவன், அரபு எழுத்தும் உச்சரிப்பும் தெரியும். அதனால் பாஷை சுலபமாக வந்துவிடும் என்று நினைத்தேன். ஓதுகிற அரபு வேறு, கல்லாவில் பேசுகிற அரபு வேறு. எண்ணிக்கை கூட நான் ஓதியதில் இருந்ததுதான். குர்ஆனின் ஸாத் சூராவில் 99 ஆடுகளைச் சொல்கிற இடத்தில் "திஸ்உன் வ திஸ்ஊன", அதாவது ஒன்பதும் தொண்ணூறும் என்று வரும். ஒன்று முதலில், பத்து பிறகு. ஆனால் இரண்டு பக்கமும் ஒன்பதாகவே இருந்ததால் எது முன்னே வருகிறது என்று நான் கவனித்ததே இல்லை!

புதிதாக வருகிற தம்பிகள் "இது நல்ல துணி", "உள்ளே வாங்க" என்று நாற்பது ஐம்பது வாக்கியங்களை மனப்பாடம் செய்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். நாம் கேட்பதை ஒப்பித்துவிடலாம், ஆனால் பதில் பெரும்பாலும் எண்ணாக வரும். எத்தனை கெஜம், எத்தனை திர்ஹம், எத்தனை பேருக்கு. எண் காதில் ஏறாதவனுக்கு எந்த வாக்கியமும் உதவாது. அதனால் முதல் மாதம் எண்ணை மட்டும் படியுங்கள்.

நான் பழகிய விதம் இது. கடை அடைத்த பிறகு அன்றைய பில்களில் இருபதை எடுத்துக்கொள்வேன். கூட வேலை பார்த்த சூடான்காரர் தொகையை அரபியில் வாசிப்பார், நான் எழுதுவேன். கேட்ட முதல் எண்ணை வலது ஓரத்தில் எழுதி, அடுத்ததை அதற்கு இடப்பக்கம் எழுதுவேன். ஃகம்ஸா வ இஷ்ரீன் என்றால் 5 வலதில், 2 இடதில், 25. நூறு சேர்ந்தால் அது மட்டும் முன்னால் வரும். மிய்யா வ ஃகம்ஸா வ இஷ்ரீன் என்றால் 1 எழுதி, ஓர் இடம் விட்டு 5 எழுதி, நடுவில் 2 போட வேண்டும், 125. பத்து நாளில் கை தானாகவே இடம் விட ஆரம்பித்தது. (ஃக என்று நான் எழுதுகிற இடத்தில் தொண்டையைச் செருமுவது போன்ற சத்தம் வர வேண்டும். வெறும் 'க' ஆக்கிவிடாதீர்கள். 'கம்' என்றால் எவ்வளவு, 'ஃகம்ஸா' என்றால் ஐந்து.)

இன்னொரு பள்ளம் எழுபதும் தொண்ணூறும். எழுபது ஸப்ஈன், தொண்ணூறு திஸ்ஈன். கூட்ட நேரத்தில் 'ஈன்' மட்டும்தான் காதில் விழும். எழுபதுக்கு உதடு ஒட்டும், தொண்ணூறுக்கு ஒட்டாது. முகத்திரை போட்ட பெண்களிடம் அதையும் பார்க்க முடியாது. அப்போது கால்குலேட்டரில் தட்டிக் காட்டி "ஸஹ்?" என்று கேட்டுவிடுங்கள். சரியா என்று பொருள். வெட்கப்பட ஒன்றுமில்லை, கத்தரி வைத்த துணி திரும்பாது.

பெரியவர்கள் சிலர் அளவைத் துண்டுச் சீட்டில் அரபு எண்களில் எழுதிக்கொண்டு வருவார்கள். அதில் சின்ன வட்டம்தான் ஐந்து, வெறும் புள்ளிதான் பூஜ்யம். ஆறு நம் 7 மாதிரி இருக்கும். வாய் மேல்நோக்கித் திறந்திருந்தால் ஏழு, கீழ்நோக்கியிருந்தால் எட்டு. எழுதியிருப்பதை நம்மைப் போலவே இடமிருந்து வலமாகத்தான் வாசிக்க வேண்டும், அங்கே தலைகீழாக்க வேண்டாம்.

எண் வந்த பிறகு ஆண் பெண் பேதம். தமிழில் "வாங்க", "பாருங்க" இருவருக்கும் ஒன்றுதான். அரபியில் ஆணுக்கு தஃபள்ளல், பெண்ணுக்கு தஃபள்ளலி. பாருங்கள் என்பதற்கு ஷூஃப், ஷூஃபி. என்ன வேண்டும் என்பதற்கு எமிராத்தி ஆணிடம் "ஷூ தபா?", பெண்ணிடம் "ஷூ தபீன்?" துணிக்கடைக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள், ஆகவே பெண் வடிவத்தையே முதலில் நாக்கில் ஏற்றுங்கள். இல்லை, இருக்கு, நண்பா என்பதற்கு 'மாஃபி', 'ஃபி', 'ஸதீக்' என்று உடைந்த அரபியில் பேசியும் காலம் தள்ளலாம்தான். ஆனால் அப்படிப் பேசுகிறவனிடம் அவர்கள் விலை மட்டும்தான் கேட்பார்கள், எந்தத் துணி எதற்குப் பொருந்தும் என்று கேட்பதில்லை. அழைப்பதற்கு 'உஃக்தி', சகோதரி, போதும். ஒருமுறை முப்பது வயது இருக்கும் ஒரு பெண்ணை மரியாதை என்று நினைத்து 'ஃகால்த்தி', சித்தி என்று கூப்பிட்டேன். நம் ஊரில் ஆன்ட்டி என்றால் என்ன முறைப்பு கிடைக்குமோ அதே முறைப்பு கிடைத்தது.

பேரம் எப்படிப் போகும் என்று ஒன்றை முழுதாகச் சொல்கிறேன். இதுவும் முதல் வருடத்தில் நடந்தது. ஓர் அம்மா பருத்தித் துணியைத் தொட்டுப் பார்த்து "பிகம் அல்வார்?" என்றார். கெஜம் எவ்வளவு? "தலாதீன்", முப்பது என்றேன். "லா, காலி." விலை அதிகமாம். "ஆஃகிர் கம்?" கடைசி விலை என்ன? இங்கே பலர் செய்கிற தப்பு "ரஃகீஸ், ரஃகீஸ்" என்று சொல்வது. மலிவு என்றுதான் பொருள், ஆனால் தரம் குறைந்தது என்ற வாடையும் அதில் உண்டு. நம் சரக்கை நாமே மட்டம் தட்டக் கூடாது. "ஸிஅர் முனாஸிப்", நியாயமான விலை என்றேன். அவர் "ஃகம்ஸா வ இஷ்ரீன்" என்று 25க்கு இறங்கினார். "மா யிஸீர்", கட்டாது. "ரஸ்மாலி அக்தர்", என் அடக்கவிலையே அதற்கு மேல். பிறகு கொஞ்சம் நிறுத்தி, "அஷானிச், தமானியா வ இஷ்ரீன்" என்றேன். உங்களுக்காக, 28. ஆணாக இருந்தால் அஷானக். இந்த ஒரு சொல் செய்கிற வேலையை இரண்டு திர்ஹம் தள்ளுபடி செய்யாது.

அதற்கும் மசியாமல் "பர்ஜஅ இன்ஷா அல்லாஹ்", திரும்பி வருகிறேன் என்றால், அது நம் "பார்த்துட்டு வரேன்"தான். துரத்தாதீர்கள். எப்போதும் வாங்க என்ற பொருளில் "ஹய்யாச் அல்லாஹ்" என்று மரியாதையாக அனுப்புங்கள்.

விலை கேட்க எகிப்தியர் 'பிகாம் தா?' என்பார், சிரியா லெபனான்காரர் 'அத்தேஷ்?' என்பார். கேட்டால் புரிந்தால் போதும், பதிலை நம் பேச்சிலேயே சொல்லலாம்.

பேரம் பேசிய அந்த அம்மா மூன்று கெஜம் வாங்கினார், 84 திர்ஹம். நூறு கொடுத்தார். பேரத்தை முழுக்க அரபியிலேயே முடித்துவிட்ட பெருமையில் அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பிவிட்டேன். அவர் "வைன் அல்பாக்கி?" என்றார். பாக்கி எனக்குத் தெரிந்த சொல்தானே! ஏதோ கடன் நிற்கிறதா என்று கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு, "மாஃபி பாக்கி, உஃக்தி" என்றேன். அவர் குரலை உயர்த்தி மறுபடி அதையே கேட்டார். நானும் இன்னும் பணிவாக, ஒன்றும் பாக்கி இல்லை என்றேன். கல்லாவில் இருந்த முதலாளி எழுந்து வந்து 16 திர்ஹத்தை எண்ணி அவர் கையில் வைத்தார். வைன் என்றால் எங்கே. அரபு நாட்டுக் கடையில் பாக்கி என்றால் மீதிச் சில்லறை.