எஃப்எஸ்ஐ கணக்கும் எங்கள் வீட்டின் உயரமும்

கும்பகோணத்துக்குத் தெற்கே வலங்கைமான் போகும் வழியில் எங்கள் மனை. பத்திரப்படி 40 அடி அகலம், 60 அடி நீளம், 2400 சதுர அடி. அப்பா அம்மாவுக்கு ஒரு தளம், எனக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று, அதற்கு மேல் மொட்டை மாடியில் பூஜையறையும் படிக்க ஒரு அறையும் என்று நினைத்துத்தான் 2022இல் பிளான் போட உட்கார்ந்தோம். எத்தனை மாடி கட்டலாம் என்று நான் கேட்டதற்கு இன்ஜினியர், "மாடியை அப்புறம் பார்ப்போம் அண்ணே, மொத்தம் எத்தனை சதுர அடி கட்டலாம்னு முதல்ல பார்ப்போம்" என்றார். எல்லாக் கணக்கும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

எஃப்எஸ்ஐ என்பது மனைப் பரப்புக்கும் எல்லாத் தளங்களையும் கூட்டிய கட்டடப் பரப்புக்கும் உள்ள விகிதம். தமிழ்நாட்டில் 2019இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி எங்களைப் போன்ற சாதாரண வீடுகளுக்கு அது 2. அதாவது 2400 சதுர அடி மனையில் மொத்தம் 4800 கட்டலாம். இதில் உயரம் என்ற பேச்சே இல்லை. ஆனாலும் மாடிகளின் எண்ணிக்கையை முதலில் முடிவு செய்வது இதுதான்.

எங்கள் பிளானில் பக்கத்துக்கு 5 அடி, முன்னால் 5 அடி, பின்னால் கிணற்றுக்காக 8 அடி விட்டது போக 30க்கு 47 கிடைத்தது. ஒரு தளம் 1410 சதுர அடி. மூன்று தளம் போட்டால் 4230. மிச்சம் 570 சதுர அடிதான், நாலாவது முழுத் தளத்துக்கு இடமில்லை. அதே மனையில் ஒரு தளத்தை 1200 ஆகச் சுருக்கினால் நாலு தளமும் சரியாக 4800க்குள் அடங்கும். பரந்து கட்டினால் மாடி குறையும், சுருக்கிக் கட்டினால் மாடி கூடும். கீழே ஹாலும் கூடமும் விசாலமாக வேண்டும், மேலே மாடியும் வேண்டும் என்று இரண்டையும் கேட்க முடியாது. வயதானவர்கள் புழங்கும் வீடு என்பதால் நாங்கள் விசாலத்தைத்தான் எடுத்துக்கொண்டோம். மிச்சமிருந்த 570 அடியில் மாடி அறைகளை வரைந்தார்.

விண்ணப்பம் திரும்பி வந்தது. காரணம் பட்டா. பத்திரத்தில் 2400 என்றிருந்தாலும் பட்டாவில் 2300 சதுர அடிக்குச் சமமான பரப்புதான் இருந்தது. பின்பக்க வாய்க்கால் கரையை ஒட்டி இரண்டரை அடி புலப்படத்தில் எங்களுடையதாக இல்லை. பத்திரம், பட்டா, தரையில் அளந்தது, இந்த மூன்றில் எது குறைவோ அதைத்தான் கணக்கில் எடுப்பார்கள். மனையில் 100 சதுர அடி போனால் கட்டடத்தில் 200 போகும், ஏனென்றால் விகிதம் 2. எங்கள் உச்ச வரம்பு 4600 ஆனது, மாடி அறைகளுக்கு மிஞ்சியது 370. டெல்டாவில் வாய்க்கால், குளம், பழைய கொல்லை என்று எதையாவது ஒட்டித்தான் பெரும்பாலான மனைகள் இருக்கின்றன. பிளான் வரைவதற்கு முன்பே பட்டாவையும் புலப்படத்தையும் வைத்து ஒரு தடவை நாடா பிடித்து அளந்துவிடுவது நல்லது.

காசு கட்டிக் கூடுதல் எஃப்எஸ்ஐ வாங்கலாமே என்று தம்பி கேட்டான். அப்படி ஒரு வழி இருக்கிறது, பிரீமியம் எஃப்எஸ்ஐ என்பார்கள். ஆனால் அதற்கு மனையின் முன்னால் உள்ள சாலை குறைந்தது 9 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். 9 முதல் 12 மீட்டர் வரையான சாலைக்கு 30 சதவீதம், 12 முதல் 18 வரை 40, அதற்கு மேல் 50. எங்கள் தெரு 23 அடி, அதாவது 7 மீட்டர். அந்தக் கதவு அதோடு மூடிவிட்டது.

இதற்கிடையில் அப்பா ஒரு விஷயத்தில் பிடிவாதமாக நின்றார். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எங்கள் தெருவில் தண்ணீர் முழங்கால் அளவு நிற்கும். கீழ்த்தளத்தில் குடியிருப்பே வேண்டாம், தூண் நிறுத்தி வண்டி விடும் இடமாகவே இருக்கட்டும் என்றார். வண்டி நிறுத்த மட்டும் விடும் ஸ்டில்ட் தளம் எஃப்எஸ்ஐ கணக்கில் சேராது. மூன்று தளமும் அப்படியே ஒவ்வொரு படி மேலே ஏறிக்கொள்ளும், பரப்பு கூடாது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஸ்டில்ட் பரப்பில் சேராவிட்டாலும் உயரத்தில் சேரும்.

இங்கேதான் இரண்டாவது வரம்பு வந்து மோதியது. வேலை முடிப்புச் சான்று இல்லாமல் மின் இணைப்பு வாங்கக்கூடிய வீடுகளுக்கு அப்போது உச்ச உயரம் 12 மீட்டர், மூன்று குடியிருப்புகள் வரை. 12 மீட்டர் என்பது சுமார் 39 அடி 4 அங்குலம். எங்கள் முதல் வரைபடத்தில் தரையிலிருந்து பீடம் ஒன்றரை அடி, ஸ்டில்ட் 9 அடி, ஒவ்வொரு தளமும் 10 அடி 3 அங்குலம். கூட்டினால் 41 அடி 3 அங்குலம். உயரத்தைச் சுற்றியுள்ள தரைமட்டத்திலிருந்து அளக்கிறார்கள், பீடத்தின் மேலிருந்து அல்ல. வெள்ளத்துக்குப் பயந்து பீடத்தை உயர்த்தும் ஒவ்வொரு அடியும் மேலே ஒரு அடியைத் தின்றுவிடும்.

இன்ஜினியர் உட்கார்ந்து அங்குலம் அங்குலமாகக் குறைத்தார். கீழே ஸ்டில்ட் இருப்பதால் பீடம் ஒரு அடி போதும் என்றார். ஸ்டில்ட் எட்டரை அடி, தளத்துக்குத் தளம் 9 அடி 9 அங்குலம். மொத்தம் 38 அடி 9 அங்குலம், வரம்புக்குள் வந்துவிட்டது. ஐந்து அங்குலக் கான்கிரீட் போக அறைக்குள் 9 அடி 4 அங்குலம் நிற்கும், மின்விசிறி மாட்ட அது போதும். ஸ்டில்டில் பீமுக்கு அடியில் 7 அடிக்குக் கொஞ்சம் மேலே. கார் தாராளமாக நுழையும், மேலே சாமான் கட்டிய வண்டி நுழையாது.

மாடி அறைகள்தான் போய்விட்டன. எஃப்எஸ்ஐயில் 370 சதுர அடி பாக்கி இருந்தும் பயனில்லை, மேலே உயரம் இல்லை. படிக்கட்டு ஏறி வரும் ஹெட்ரூம் உயரத்திலும் சேராது, பரப்பிலும் சேராது என்று தெரிந்ததும் தம்பி, "அதையே கொஞ்சம் பெருசா போட்டு அறையாக்கிடலாமே சார்" என்றான். படிக்கட்டுக்கு வேண்டிய அளவு மட்டும்தான் விலக்கு, அதற்கு மேல் ஒரு அறை வந்தால் அது இன்னொரு தளம் என்று இன்ஜினியர் மறுத்துவிட்டார். அவர் மறுத்தது சரிதான். ஸ்டில்டைச் சுவர் வைத்து அடைத்து வாடகைக்கு விடுவதும் இதே கதைதான். அடைத்த அன்றே அது எஃப்எஸ்ஐயில் ஏறும். எங்கள் கணக்கில் 4230உடன் இன்னொரு 1410 சேர்ந்தால் 5640, வரம்பு 4600.

பட்டா அளவோடு, ஸ்டில்டும் மூன்று தளமுமாகத் திருத்திப் போட்ட பிளானுக்கு அனுமதி கிடைத்தது. பூஜையறையை அப்பாவின் தளத்திலேயே கூடத்தின் ஈசானிய மூலையில் வைத்துக்கொண்டோம்.

2024 மார்ச்சில் வேலை முடிப்புச் சான்று விலக்குக்கான உயரத்தை 14 மீட்டராகவும், குடியிருப்புகளை எட்டாகவும் உயர்த்தினார்கள், மொத்தப் பரப்பு 750 சதுர மீட்டருக்குள் இருந்தால். இப்போது அடுத்த தெருவில் சித்தப்பா மகன் இதே ஸ்டில்டும் மூன்று தளமும் கட்டுகிறான். நாங்கள் குறைத்த அங்குலங்களை அவன் குறைக்க வேண்டியதில்லை, பத்தேகால் அடித் தளமே போடுகிறான். ஆனால் எஃப்எஸ்ஐ அவனுக்கும் 2தான். 1800 சதுர அடி மனையில் தளத்துக்கு 1150 எடுத்துவிட்டதால் மூன்றுக்கே 3450 ஆகிவிட்டது, மேலே 150தான் மிச்சம்.